கொப்பியில் ‘பெனிசிலின் அலர்ஜி’ என்று இருந்தால்

“மகளுக்கு ஏழு வயது, நிறை 20 கிலோ. இரண்டு வயதில் அமொக்சிசிலின் பாணி குடித்து ஐந்தாம் நாள் உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி போட்டது. கிளினிக் கொப்பியில் ‘பெனிசிலின் அலர்ஜி’ என்று எழுதிவிட்டார்கள். இப்போது காய்ச்சல், தொண்டை நோ. ஸ்ட்ரெப் கிருமி என்கிறார்கள். மூத்தவனுக்கு வாங்கிய அசித்ரோமைசின் பாணி மிச்சம் இருக்கிறது. கொடுக்கலாமா?” – ஒரு தாய், புதுக்குடியிருப்பு

கொடுக்க வேண்டாம். தண்ணீர் விட்டுக் கலக்கிய பாணி சில நாட்களிலேயே பழுதாகிவிடும். அளவும் சரிவராது. அசித்ரோமைசினை மற்ற நோய்களுக்கு மூன்று நாள் கொடுப்பது வழக்கம். அதே அளவு ஸ்ட்ரெப் தொண்டைக்குக் காணாது. இதற்குக் கிலோவுக்கு 12 மில்லிகிராம், உங்கள் மகளுக்கு நாளுக்கு 240, ஐந்து நாள் வேண்டும். அப்படிக் கொடுத்தாலும் சில ஸ்ட்ரெப் கிருமிகள் அதற்கு மசிவதில்லை. பெனிசிலினை எதிர்த்து நிற்கும் ஸ்ட்ரெப் கிருமியை மட்டும் இதுவரை எங்கும் கண்டதில்லை. அதனால்தான் டொக்டர்மார் முதலில் பெனிசிலினைத் தேடுகிறார்கள்.

கொப்பியில் இருக்கும் அந்த இரண்டு சொல்லைவிட, அன்று நடந்தது என்ன என்பதே எனக்கு முக்கியம். மருந்து குடித்து ஒரு மணித்தியாலத்துக்குள் அரிப்போடு தடிப்பு எழும்பி, உதடு வீங்கி, மூச்சு இழுத்திருந்தால் அது ஆபத்தான அலர்ஜி. அப்படியான பிள்ளைக்குப் பெனிசிலினும் இல்லை, செபலெக்சினும் இல்லை. பெனிசிலின் இனத்து அமொக்சிசிலினும் செபலெக்சினும் அமைப்பில் நெருங்கியவை. அசித்ரோமைசின் அல்லது கிளிண்டாமைசின்தான் வழி. கிளிண்டாமைசின் பத்து நாள், நாளுக்கு மூன்று வேளை. கசப்பு வேறு, பிள்ளைகள் துப்பிவிடும்.

உங்கள் மகளுக்கு ஐந்தாம் நாள்தான் புள்ளி போட்டிருக்கிறது. வீக்கமோ இழுப்போ கொப்புளமோ வாய்ப்புண்ணோ இல்லையென்றால், அது பெரும்பாலும் அப்போது இருந்த வைரஸ் காய்ச்சலின் வேலை, அல்லது பாரதூரமில்லாத தடிப்பு. இந்த நிலையில் நான் செபலெக்சின்தான் எழுதுவேன்: 400 மில்லிகிராம், காலையும் இரவும், பத்து நாள். மூன்றாம் நாளே துள்ளி விளையாடுவாள். அதற்காக நிறுத்திவிடாதீர்கள், கிருமி தொண்டையில் மிச்சமிருந்தால் வாதக் காய்ச்சல் வந்து இருதய வால்வைப் பாதிக்கலாம். காய்ச்சல் தொடங்கி ஒன்பது நாளுக்குள் மருந்து தொடங்கினால் அதைத் தடுக்கலாம்.

சுகமாகிச் சில கிழமைகளுக்குப் பிறகு, பிள்ளை மருத்துவரிடம் கொப்பியைக் காட்டி, ஆஸ்பத்திரியில் வைத்து அமொக்சிசிலின் கொடுத்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். வீட்டில் பரீட்சை வேண்டாம். பெனிசிலின் அலர்ஜி என்று எழுதப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குச் சோதித்தால் அலர்ஜி இருப்பதில்லை. இது வீண் வேலை இல்லை. வாதக் காய்ச்சல் வந்தவர்களுக்கு மாதாமாதம் வருடக்கணக்கில் போடுவது பெனிசிலின் ஊசிதான். அந்த நேரத்தில் தவறான குறிப்பு பெரிய இடைஞ்சல்.

சோதித்து முடியும்வரை எந்த டொக்டரிடமும் குறிப்பை மறைக்க வேண்டாம். எத்தனையாம் நாள், எப்படிப்பட்ட புள்ளி, மூச்சு எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.