படிக்கட்டு ஃபேன் போட்டால் கதவு திறக்கவில்லை

“காரைக்குடியில் ஏழு மாடிக் குடியிருப்பு. தீ ஒத்திகையில், புகை வராமல் படிக்கட்டுக்குள் காற்றை அடைக்கும் ஃபேன் ஓடியதும் படிக்கட்டுக் கதவை அப்பத்தாவால் தள்ளவே முடியவில்லை. காற்று பலமாக இருந்தால்தான் புகை வராது என்கிறார் கான்ட்ராக்டர். சரியா?”

சரியில்லைங்க. படிக்கட்டுக்கும் மாடிக்கும் இடையே தேவை சுமார் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம்தான். அதற்கு மேல் போனால் கதவே பூட்டு மாதிரி ஆகிவிடும்.

உங்கள் கதவு 1 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 50 பாஸ்கலில் காற்றை எதிர்த்துத் தள்ள 56 நியூட்டன், டோர் குளோசருக்கு ஒரு 40, மொத்தம் 96. அப்பத்தா தள்ளிவிடுவார். 110 பாஸ்கல் என்றால் 164 ஆகிவிடும். அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் தரமான NFPA 92 வைத்த வரம்பே 133தான்.

அழுத்தம் இப்படி ஏறக் காரணம், ஃபேனின் அளவு ஒரு கதவு திறந்திருக்கும் நிலைக்கானது. திறந்த கதவில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் காற்று போனால்தான் புகை உள்ளே வராது, அதற்கு விநாடிக்கு 2.1 கன மீட்டர் காற்று வேண்டும். எல்லாம் மூடியிருந்தால் ஏழு கதவு இடுக்குகளிலும் சேர்த்து 0.4தான் கசியும். மிச்சம் எங்கே போகும்?

ஃபேன் வேகத்தைக் குறைக்கச் சம்மதிக்காதீர்கள். கதவு திறந்ததும் புகை ஏறிவிடும். மிச்சக் காற்று வெளியே போக, 50 பாஸ்கலைத் தாண்டும்போது தானே திறக்கும் ரிலீஃப் டேம்பர் வேண்டும். திறப்பு சுமார் 0.29 சதுர மீட்டர். டேம்பர் ஏற்கெனவே இருந்தால், துருப்பிடித்து இறுகியிருக்கிறதா பாருங்கள்.

பிறகு எல்லாக் கதவையும் மூடி, அழுத்தம் அளக்கும் மானோமீட்டரின் குழாயைக் கதவடியில் விட்டு ஒவ்வொரு மாடியிலும் அளக்கச் சொல்லுங்கள். கைப்பிடியருகே ஸ்பிரிங் தராசு வைத்துத் தள்ளும் விசையையும் பாருங்கள்.