ஜப்பான் பிஸ்கட்டில் பால் இருக்கிறதா? படத்திலிருந்து படிப்பது எப்படி

கேள்வி: என் ஆறு வயது மகளுக்குப் பால் ஒவ்வாமை. கொஞ்சம் வாயில் பட்டாலே உதடு வீங்கி மூச்சு இரைக்கும். ஒசாகாவிலிருந்து வந்த என் கொழுந்தனார் பிஸ்கட் பாக்கெட்டுகள் தந்திருக்கிறார். பின்பக்கத்தைப் படமெடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் ஒருமுறை 'பால்' என்று வருகிறது, இன்னொருமுறை அதே இடத்தில் 'எமல்சிஃபையர்' என்று வருகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டு விடையும் ஒரே எழுத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். 乳 என்பது பால். ஆனால் 乳化剤 என்று மூன்று எழுத்தும் சேர்ந்தால் எமல்சிஃபையர், அதாவது எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்து வைக்கும் பொருள். அதைப் பெரும்பாலும் சோயாவிலிருந்தோ தாவர எண்ணெயிலிருந்தோதான் எடுக்கிறார்கள். பாக்கெட்டில் வரி முடிந்து அந்தச் சொல் இரண்டாக உடைந்திருந்தால், செயலி முதல் எழுத்தை மட்டும் தனியாகப் படித்து 'பால்' என்று சொல்லிவிடும். சோயா பாலைக் குறிக்கும் 豆乳 என்பதிலும் இதே எழுத்து உண்டு. ஆகவே அந்த எழுத்து கண்ணில் பட்டதும் பாக்கெட்டை ஒதுக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், அந்த எழுத்து இல்லை என்பதற்காகக் கொடுத்துவிடவும் கூடாது.

செயலியின் மொழிபெயர்ப்பை விட்டுவிட்டு, பொருள்பட்டியலின் கடைசி வரிக்குப் போங்கள். ஜப்பானில் பாக்கெட் உணவில் பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை போன்ற சில பொருள்களைச் சட்டப்படி குறிப்பிட்டே ஆக வேண்டும். பல கம்பெனிகள் அவற்றைக் கடைசியில் ஓர் அடைப்புக்குறிக்குள் மொத்தமாகத் தருகின்றன. உங்கள் பாக்கெட்டின் முடிவு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
／膨張剤、乳化剤、香料、（一部に小麦・乳成分・大豆を含む）
```

சாய்கோட்டுக்குப் பின் வருபவை சேர்க்கைப் பொருள்கள். எமல்சிஃபையர் அங்கேதான் இருக்கிறது, அது மட்டும் இருந்தால் பயமில்லை. அடைப்புக்குறி 一部に என்று தொடங்குகிறது, 'இதன் ஒரு பகுதியில்' என்று பொருள். நடுவில் கோதுமை, 乳成分, சோயா. 乳成分 என்றால் பால் கூறு. இந்தப் பிஸ்கட்டில் பால் இருக்கிறது, மகளுக்குக் கொடுக்கக் கூடாது. மொத்தமாகத் தரும் இந்த முறையில், கட்டாயப் பொருள் எதுவாக இருந்தாலும் அந்த அடைப்புக்குறிக்குள் வந்தே தீர வேண்டும். அதனால் கோதுமையும் சோயாவும் மட்டும் இருந்து 乳成分 இல்லையென்றால், பால் சேர்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

一部に என்ற தொடக்கமே இல்லாத பாக்கெட்தான் சிக்கல். அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்திலேயே குறிப்பு இருக்கும், முழுப்பட்டியலையும் படித்தாக வேண்டும். வெண்ணெயும் (バター) சீஸும் (チーズ) பால் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால், அவற்றின் பக்கத்தில் பால் என்று தனியாக எழுத வேண்டிய கட்டாயமில்லை. இரண்டு சொற்களிலும் 乳 கிடையாது. இதில் ஒரு விதிவிலக்கு: கோகோ வெண்ணெயின் பெயரும் バター என்றே முடியும், அதில் பால் இல்லை. 乳糖 என்பது லாக்டோஸ். பால் சர்க்கரை செரிக்காதவர்களின் பிரச்சினை வேறு, உங்கள் மகளுக்கு ஒத்துக்கொள்ளாதது பால் புரதம். லாக்டோஸைப் பாலிலிருந்து எடுப்பதால் புரதம் சிறிது ஒட்டியிருக்கலாம், ஜப்பான் விதியும் அதைப் பால் என்றே கணக்கில் வைக்கிறது. நீங்களும் அப்படியே வையுங்கள்.

பட்டியல் சொல்லாத ஒன்றும் உண்டு. 'பால் கலந்திருக்கலாம்' என்ற பொதுவான எச்சரிக்கையை எழுத ஜப்பானில் அனுமதி இல்லை. அதற்குப் பதிலாக, இதே தொழிற்சாலையில் பால் சேர்த்த பொருள்களும் செய்கிறோம் என்று பட்டியலுக்கு வெளியே சில கம்பெனிகள் தனியாக அச்சிடுகின்றன. அது அவர்கள் விருப்பம்தான். அந்த வரி இல்லாததால் தொழிற்சாலையில் பாலே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் மகளைப் போல மூச்சு இரைப்பு வரும் குழந்தைக்கு இந்த வேறுபாடு பெரிது. எவ்வளவு நுண்ணிய அளவு வரை தாங்கும் என்பதை ஒவ்வாமை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படமெடுக்கும்போது பாக்கெட்டை மேசையில் வைத்து விரலால் மடிப்பை இழுத்துத் தட்டையாக்குங்கள். கடைசி அடைப்புக்குறி பெரும்பாலும் தையல் ஓரத்தில் மடங்கி மறைந்துவிடும், அதைத் தனியாக நெருக்கத்தில் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், பளபளப்புத் தாளில் எழுத்து வெளுத்துப்போகும். செயலி எழுத்துகளைப் பிரித்துக் காட்டினால், மொழிபெயர்ப்பைப் பார்க்குமுன் அந்த எழுத்துகளைப் படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். தங்கள் பொருள்களின் ஒவ்வாமை விவரத்தைத் தளத்தில் போடும் கம்பெனிகளும் உண்டு, பட்டைக்கோட்டுக்குக் கீழே 45 அல்லது 49 என்று தொடங்கும் 13 இலக்க எண்ணைத் தேடினால் அந்தப் பக்கம் கிடைக்கலாம். படமும் தளமும் முரண்பட்டால், உங்கள் கையிலுள்ள பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள், செய்முறை இடையில் மாறியிருக்கலாம். ஓர் எழுத்து தெளிவில்லை என்றாலும் கொழுந்தனாருக்கு அந்தப் படத்தை அனுப்பி, 乳成分 அடைப்புக்குறிக்குள் இருக்கிறதா, 一部に என்று தொடங்கும் அடைப்புக்குறியே இல்லையென்றால் பட்டியலில் எங்காவது பாலோ வெண்ணெயோ சீஸோ இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் வரும்வரை பாக்கெட்டைப் பிரிக்க வேண்டாம்.