200 நாள் சராசரியைப் பார்த்து வாங்கலாமா?

கேள்வி: பங்குகளைப் பத்து வருடம் வைத்திருக்கத்தான் வாங்குகிறேன். எப்போது வாங்குவது என்று முடிவு செய்ய மூவிங் ஆவரேஜையும் சார்ட் பேட்டர்னையும் எவ்வளவு நம்பலாம்?

வாங்கும் நாளை அவற்றிடம் கேட்காதீர்கள். மெதுவாகச் சரியும் சந்தையில் 200 நாள் சராசரி, அதாவது கடந்த 200 வர்த்தக நாள் விலைகளின் மூவிங் ஆவரேஜ், உங்களைக் காப்பாற்றும், சட்டென்று விழுந்து எழும் சந்தையில் விலை ஏறிய பிறகுதான் வாங்க வைக்கும். நடப்பது எந்த வகைச் சரிவு என்று அது முடியும் வரை சார்ட் சொல்லாது. (டிரேடிங் செய்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். கேட்டிருப்பவர் பத்து வருடத்துக்கு வாங்குபவர்.)

முதலில் கணக்கைப் பாருங்கள். 200 நாள் சராசரியில் தினமும் ஒரு புதிய விலை உள்ளே வருகிறது, 200 நாளுக்கு முந்தைய விலை ஒன்று வெளியே போகிறது. நேற்று 120-ல் முடிந்த பங்கு இன்று 118-க்கு இறங்கிவிட்டது, வெளியே போகும் பழைய விலை 80 என்று வைத்துக்கொள்வோம். 118-லிருந்து 80-ஐக் கழித்து 200-ஆல் வகுத்தால் 0.19. விலை இறங்கிய நாளிலும் சராசரி 0.19 ஏறுகிறது! கோடு மேலே திரும்பியதற்குப் பாதிக் காரணம் பத்து மாதத்துக்கு முந்தைய செய்தியாகவும் இருக்கலாம். அதில் இருக்கும் விலைகளின் சராசரி வயதே சுமார் 100 வர்த்தக நாள். அந்தக் கோடு எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நடந்ததைத் தாமதமாகச் சொல்கிறது.

இந்தத் தாமதம் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டில் இரண்டு சரிவுகள் போதும்.

2020 பிப்ரவரி 19-ல் 3,386-ல் இருந்த குறியீடு மார்ச் 23-ல் 2,237-க்கு வந்தது. ஐந்தே வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு காலி. 50 நாள் சராசரி 200 நாள் சராசரிக்குக் கீழே போகும் 'டெத் கிராஸ்' வந்தது மார்ச் 30-ல், அதாவது அடிமட்டத்தைத் தொட்டு ஒரு வாரம் கழித்து. அன்று குறியீடு சுமார் 2,630. மறுபடி மேலே வெட்டும் 'கோல்டன் கிராஸ்' ஜூலையில் வந்தபோது சுமார் 3,150. கெட்ட அடையாளம் வந்த நாளில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவருக்கு, நல்ல அடையாளத்துக்குக் காத்திருந்தவரைவிட ஆறில் ஒரு பங்கு குறைவான விலையில் கிடைத்தது.

இதை வைத்துச் சராசரியே குப்பை என்று சொல்லிவிடவும் முடியாது. 2007 டிசம்பரில் டெத் கிராஸ் வந்தபோது குறியீடு சுமார் 1,480. அது 2009 மார்ச்சில் 676 வரை இறங்கி, ஜூனில் கோல்டன் கிராஸ் வந்தபோது சுமார் 900-ல் இருந்தது. இங்கே காத்திருந்தவருக்கு 1,480-ல் வாங்கியவரைவிட ஏறக்குறைய 40 சதவீதம் மலிவு. அதே விதி, நேர்மாறான பலன். 2007 அக்டோபரில் தொடங்கிய சரிவு 17 மாதம் நீடித்ததால் தாமதமான கோடும் அதற்கு ஈடுகொடுத்தது. 2020-ல் கோடு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதனால் வாங்க வேண்டிய காரணத்தை நிறுவனத்தின் லாபம், கடன், அதற்குக் கொடுக்கும் விலை இவற்றில் தேடுங்கள். பணத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியை இப்போதே போடுங்கள், இரண்டாவதை மூன்று மாதம் கழித்து ஒரு தேதி குறித்துப் போடுங்கள். மூன்றாவதை மட்டும் சராசரியிடம் விடலாம்: விலை 200 நாள் கோட்டுக்கு மேலே மாதத்தை முடித்தால் வாங்குவது, ஆறு மாதத்துக்குள் அப்படி நடக்காவிட்டால் கோடு எங்கே இருந்தாலும் வாங்குவது. கெடு வைக்காவிட்டால் காத்திருப்பதே பழக்கமாகிவிடும். மாதக் கடைசியில் மட்டும் பார்க்கச் சொல்வது ஏன் என்றால், பக்கவாட்டில் நகரும் சந்தையில் விலை ஒரே வாரத்தில் இரண்டு மூன்று தடவை கோட்டைத் தாண்டித் திரும்பும்.

பேட்டர்ன்களை இந்த அளவுக்குக்கூட நம்ப மாட்டேன். நடுவில் உயரமான தலையும் இருபுறமும் தாழ்ந்த தோள்களுமாக மூன்று மேடு வரும் ஹெட் அண்ட் ஷோல்டர்ஸில், தலைக்கும் வலது தோளுக்கும் இடையே பள்ளம் விழுந்த பிறகுதான் பள்ளங்களை இணைக்கும் நெக்லைனையே போட முடியும். அதையும் இரண்டு பேர் இரண்டு இடத்தில் போடுவார்கள், விலை அளவுகோலைச் சாதாரணத்திலிருந்து, சம சதவீத மாற்றத்தைச் சம உயரத்தில் காட்டும் லாகுக்கு மாற்றினால் சாய்வான கோடு உடைந்த தேதியே மாறும். இணையத்தில் பெருமையாகப் பகிரப்படும் சார்ட்களில் எல்லாம் அம்புக்குறி ஏற்றம் முடிந்த பிறகு வரைந்ததாகவே இருக்கிறது. பலிக்காத பேட்டர்னை யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதில்லை, வகுப்பு நடத்திக் காசு வாங்குபவர்கள் நிச்சயமாக எடுப்பதில்லை.

ஒன்று விட்டுப்போனது. பங்குப் பிரிப்புக்குச் சரிசெய்த விலையைத்தான் உங்கள் சார்ட் காட்டுகிறதா என்று பாருங்கள். ஒன்றை இரண்டாகப் பிரித்ததும் 400 விலை 200 ஆகும், சரிசெய்யாத சராசரி 380 பக்கத்திலிருந்து மெதுவாகத்தான் இறங்கி, பல மாதம் பொய்யாகச் சரிவு காட்டும்.