நிறைவுச் சான்றிதழ் வராத வீடு: பதிவு நடந்தால் போதுமா?

தரைத்தளத்தில் வாகன நிறுத்தமும் மேலே நான்கு தளங்களில் 16 வீடுகளுமாக அனுமதி பெற்ற அடுக்ககத்தில் மூன்றாம் தள வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். கட்டுநர் இப்போது ஐந்தாம் தளத்தில் இன்னும் இரண்டு வீடுகள் எழுப்பிவிட்டார். “உங்கள் தளம் பிளான்படிதான் இருக்கிறது, பத்திரத்தைப் பதிந்துகொள்ளுங்கள், நிறைவுச் சான்றிதழ் பிறகு வரும்” என்கிறார். பதிவு செய்யலாமா? (தாம்பரம் வாசகர்)

நிறைவுச் சான்றிதழ் உங்கள் வீட்டுக்குத் தனியாகத் தரப்படுவதன்று. அது முழுக் கட்டடத்துக்கு உரியது. தளங்களின் எண்ணிக்கை, உயரம், பக்கவாட்டு இடைவெளி, வாகன நிறுத்தம் ஆகியவை அனுமதி பெற்ற வரைபடத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே சி.எம்.டி.ஏ.வோ உரிய திட்டக் குழுமமோ அதை வழங்கும். ஆகவே ஐந்தாம் தளத்தின் மீறல் மூன்றாம் தளத்தில் இருக்கும் உங்களையும் சேர்த்தே கட்டும். பிற மாநிலங்களில் குடியேறுவதற்கான சான்றிதழ் தனியாகத் தரப்படுவதுண்டு. தமிழ்நாட்டில் நடைமுறையில் இந்த நிறைவுச் சான்றிதழே இரண்டுக்கும் பயன்படுகிறது.

நீங்கள் அனுப்பிய விவரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன். மனை 4 கிரவுண்ட், அதாவது 9,600 சதுர அடி. மனைப்பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீடு 2 என்று கொண்டால் 19,200 சதுர அடி வரை கட்டலாம்; வீட்டுக்கு 1,200 சதுர அடி வீதம் 16 வீடுகளிலேயே அது தீர்ந்துவிட்டது. கூடுதலான 2,400 சதுர அடியையும் சேர்த்தால் குறியீடு 2.25 ஆகிறது. இந்த அளவு மீறலுக்குத் தீர்வே இல்லை என்று சொல்ல மாட்டேன். சாலையின் அகலம் இடங்கொடுத்தால் கட்டணம் செலுத்திக் கூடுதல் தளப்பரப்பு வாங்கித் திருத்திய திட்ட அனுமதி பெற வழியுண்டு. ஆனால் அதைக் கட்டுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். வீடு வாங்குவோரைப் பாதுகாக்கும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, கட்டடத்தின் வரைபடத்தை மாற்ற, வீடு ஒதுக்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் முன் எழுத்து ஒப்புதலும் வேண்டும். உங்களிடம் அப்படி ஏதும் கேட்கப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்து, பத்திர வரைவின் சொத்து விவரப் பகுதியில் மனை நிலத்தில் உங்களுக்கு எவ்வளவு பிரிக்கப்படாத பாகம் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 16 வீடுகளுக்கு என்றால் ஆளுக்கு 600 சதுர அடி வர வேண்டும். 533 என்று இருந்தால் கட்டுநர் தொடக்கத்திலிருந்தே 18 வீடுகளுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார் என்று பொருள். 600 என்றே இருந்தால் மேல்தளத்து வீடுகளுக்கு விற்க நிலமே மிச்சமில்லை. அங்கு வாங்குகிறவர்கள் நாளை உங்கள் அனைவரோடும் வழக்காடுவார்கள்.

சார்பதிவாளர் பதிவு செய்துகொள்ளக்கூடும். பதிவு என்பது ஆவணத்தைப் பதிவது மட்டுமே. மீறிக் கட்டிய கட்டடத்தை அது முறைப்படுத்தாது. அதனால்தான் “பதிவு ஆகிவிட்டதே” என்ற நிம்மதியை நான் நம்புவதில்லை. திருத்திய அனுமதியின் நகலைக் கண்ணால் பார்க்கும்வரை பதிவைத் தள்ளிவையுங்கள். தள்ளிவைப்பதற்கான காரணத்தைக் கட்டுநருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

வங்கி கடன் கொடுத்துவிட்டது. 95 விழுக்காட்டுத் தொகையும் கட்டுநரிடம் போய்விட்டது. வங்கியின் வழக்கறிஞர் பார்த்து ஒப்புக்கொண்ட சொத்தில் குறை இருக்குமா?

இருக்கும். வங்கிக்குச் சட்டக் கருத்துரை எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கட்டுமானத்தில் இருக்கும் கட்டடத்துக்கு நாங்கள் எழுதும் அறிக்கையில் நிறைவுச் சான்றிதழ் என்ற வரிக்கு எதிரே “பின்னர் பெற்று ஒப்படைக்கப்பட வேண்டும்” என்றுதான் இருக்கும். அந்த ஒரு வரியைக் கடன் வாங்குகிறவர் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. வங்கியிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17-இல் அளித்த தீர்ப்பில், கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழோ குடியேற்றச் சான்றிதழோ வழங்கப்பட்டிருப்பதைச் சரிபார்த்த பிறகே அதை ஈடாகக் கொண்டு வங்கிகள் கடன் வழங்க வேண்டும் என்றும், மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகளும் சான்றிதழுக்குப் பிறகே தரப்பட வேண்டும் என்றும் கூறியிருக்கிறது. உங்களைப் பொறுத்தவரை இதன் சுமை மறுவிற்பனையில் தெரியும். உங்களிடமிருந்து வாங்க வருகிறவருக்குக் கடன் கிடைக்காவிட்டால், ரொக்கமாகப் பணம் வைத்திருப்பவர் கேட்கும் குறைந்த விலைக்கே கொடுக்க நேரும். எஞ்சியுள்ள 5 விழுக்காட்டைச் சான்றிதழ் வருவதற்கு முன் விடுவிக்க வேண்டாம் என்று வங்கிக்கு இன்றே கடிதம் கொடுங்கள். உங்கள் கையில் மிஞ்சியிருக்கும் பிடி அது ஒன்றுதான்.

கட்டட வரைவாளர் கையெழுத்திட்ட “பணி முடிந்தது” என்ற சான்றும், சொத்து வரி ரசீதும் தந்தார்கள். போதாதா?

போதாது. வரைவாளரின் கடிதம் அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க உதவும் தாளே தவிர, சான்றிதழ் ஆகாது. வரி ரசீது, வரி கட்டியதற்கு மட்டுமே ஆதாரம். அனுமதியில்லாத கட்டடத்துக்கும் வரி வாங்கப்படுவதுண்டு. உண்மையான சான்றிதழில் திட்ட அனுமதி எண், தேதி, எத்தனை தளங்கள், எத்தனை வீடுகள் என்பவை இருக்கும். அந்த எண்ணை உங்கள் வரைபடத்தின் முத்திரையில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு, வழங்கிய அலுவலகத்திலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

சாவி வாங்கி மூன்று ஆண்டுகள் குடியிருக்கிறோம். சான்றிதழ் இன்னும் வரவில்லை. காலம் கடந்துவிட்டதா?

கடந்துவிடவில்லை. சான்றிதழைப் பெற்றுத் தருவது கட்டுநரின் கடமை என்று ரெரா சட்டத்தின் 11(4)(ஆ) பிரிவு சொல்கிறது. 2022 ஜனவரியில் மும்பைக் குடியிருப்புச் சங்கம் ஒன்றின் வழக்கில், அதைப் பெற்றுத் தராதது சேவைக் குறைபாடு மட்டுமன்றி நாள்தோறும் தொடரும் தவறு என்றும், ஆகவே வழக்குத் தொடரும் உரிமை தொடர்கிறது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. சான்றிதழ் இல்லாத காரணத்தால் அச்சங்கத்தினர் 25 விழுக்காடு கூடுதல் சொத்து வரியும், 50 விழுக்காடு கூடுதல் தண்ணீர்க் கட்டணமும் கட்டிவந்தார்கள். நீங்களும் லாரித் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் கூடுதலாகக் கொடுத்த ரசீதுகளை மாதவாரியாகச் சேர்த்துவையுங்கள். இழப்பீட்டுத் தொகையை அவற்றைக் கொண்டுதான் நிறுவ முடியும். இதைத் தனித்தனியாகச் செய்வதைவிடச் சங்கமாகச் சேர்ந்து முறையிடுவது நல்லது.

எங்கள் கட்டடம் மூன்றே வீடுகள் கொண்டது. “விலக்கு உண்டு, சான்றிதழே தேவையில்லை” என்கிறார் கட்டுநர். உண்மையா?

உண்மையாக இருக்கலாம். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சிறிய குடியிருப்புகளுக்கு விலக்கு அளிக்கின்றன. அதற்கான உயரம், வீடுகளின் எண்ணிக்கை, பரப்பு வரம்புகள் பின்னர் திருத்தங்களால் தளர்த்தப்பட்டும் உள்ளன. உங்கள் அனுமதியின் தேதிக்கு எந்த வரம்பு பொருந்தும் என்பதை அனுமதி தந்த அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விலக்கு சான்றிதழுக்கு மட்டுந்தான், வரைபடத்துக்கு அல்ல. ஆகவே டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கவாட்டு இடைவெளிகளை நீங்களே அளந்து, முத்திரையிட்ட வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; வங்கியின் பொறியாளரும் வந்தால் அதைத்தான் செய்வார்.