டவருக்குத் தூரம் தெரியும், திசை தெரியாது

கேள்வி: மலைப் பாதையில் நண்பருக்குக் கால் முறிந்துவிட்டது. அவசர எண்ணுக்கு அழைத்தேன். மொபைலில் லொகேஷன் ஆஃப் செய்திருந்தேன். அப்படியும் எதிர்முனையில், “டவரிலிருந்து சுமார் நாலரை கிலோமீட்டரில் இருக்கிறீர்கள்” என்று சொன்னார்கள். பிறகு வரைபடத்தில் பார்த்தேன், அது சரிதான். ஆனால் மீட்புக் குழு முதலில் போன இடம் எங்களிடமிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி. தூரத்தைச் சரியாகச் சொன்னவர்களுக்கு இடம் எப்படித் தெரியாமல் போனது? அடுத்த முறை நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் இருப்பிடத்தைக் கண்டுபிடிப்பதற்காக யாரும் அந்தத் தூரத்தை அளக்கவில்லை. வேறொரு வேலைக்காக டவர் எப்போதும் வைத்திருக்கும் ஓர் எண்ணிலிருந்து அது கிடைத்தது. அந்த எண்ணின் பெயர் டைமிங் அட்வான்ஸ்.

ஒரே டவருடன் ஒரே நேரத்தில் பல போன்கள் பேசுகின்றன. ஒவ்வொன்றுக்கும் சிக்னல் அனுப்பத் தனி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கும். ரேடியோ அலை ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3.3 மைக்ரோவிநாடி ஆகும். தொலைவில் இருக்கும் போன், டவரின் சிக்னலைக் கேட்டுத் தன் கடிகாரத்தைச் சரிசெய்யும்போதே அவ்வளவு பின்தங்கிவிடுகிறது. அது அனுப்பும் பதிலும் அதே அளவு தாமதமாகப் போய்ச் சேர்கிறது. ஆக, தாமதம் இரட்டிப்பு. இதை அப்படியே விட்டால் தொலைவில் இருப்பவரின் சிக்னல் பக்கத்தில் இருப்பவரின் நேரத்துக்குள் போய் விழும். அதனால்தான் டவர் ஒவ்வொரு போனிடமும் “நீ இவ்வளவு முன்கூட்டியே அனுப்பு” என்று சொல்கிறது. இந்த முன்கூட்டல்தான் டைமிங் அட்வான்ஸ். அழைப்பு தொடங்கும்போது போன் முதலில் ஒரு சிறிய அடையாளச் சிக்னலை அனுப்பும். அது எவ்வளவு தாமதமாக வந்தது என்று டவர் அளந்து, போனுக்கான எண்ணைச் சொல்லும். அப்புறம் தொடர்பு நீடிக்கும்வரை அதைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே இருக்கும்.

4ஜியில் இந்த எண் 0 முதல் 1282 வரை போகும். ஒவ்வொரு படியும் 0.52 மைக்ரோவிநாடி. அந்த நேரத்தில் அலை 156 மீட்டர் போகும். ஆனால் இது போய்வரும் நேரம் என்பதால் இரண்டால் வகுக்க வேண்டும். ஒரு படிக்கு 78 மீட்டர்தான். (இந்த வகுத்தலை விட்டுவிட்டு, “என் போன் ஒன்பது கிலோமீட்டர் காட்டுகிறது” என்று குழம்புகிறவர்களை அடிக்கடி பார்க்கலாம்.) பழைய 2ஜியில் படி பெரியது, ஏறத்தாழ 550 மீட்டர். அதில் 63 படிகள்தான் உண்டு. சாதாரண 2ஜி டவர் சுமார் 35 கிலோமீட்டருக்கு மேல் எட்டாமல் போவதற்கு இந்த எல்லையே காரணம்.

சரி, உங்கள் அழைப்புக்கு வருவோம். 4ஜியில் நாலரை கிலோமீட்டர் என்றால் அந்த எண் 58 போல இருந்திருக்க வேண்டும். 58 × 78 மீட்டர் என்றால் ஏறத்தாழ 4.5 கிலோமீட்டர். ஆனால் டவரைச் சுற்றி அதே தூரத்தில் இருக்கும் எந்த இடத்திலிருந்து அழைத்தாலும் எண் 58தான் வரும். அதாவது கிடைப்பது ஒரு வளையம், புள்ளி அல்ல. அந்த வளையத்தை ஓரளவு குறைக்க உதவுவது ஆன்டெனா. பெரும்பாலான டவர்களில் மூன்று திசைகளைப் பார்த்து மூன்று ஆன்டெனாத் தொகுதிகள் இருக்கும். ஒவ்வொன்றும் பார்த்துக்கொள்ளும் பகுதியை செக்டர் என்பார்கள். தோராயமாக 120 டிகிரி அகலம். நீங்கள் எந்த செக்டரில் இருக்கிறீர்கள் என்பது நெட்வொர்க்குக்குத் தெரியும். ஆகவே முழு வளையத்தில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். 4.5 கிலோமீட்டர் ஆரத்தில் அந்த வில்லின் நீளம் சுமார் 9.5 கிலோமீட்டர். அகலம் ஏறத்தாழ ஒரு படி, 78 மீட்டர்.

நடந்தது என்ன என்பது இந்த வடிவத்திலேயே இருக்கிறது. வில்லின் குறுக்கே பார்த்தால் துல்லியம் 78 மீட்டர். நெடுக்கே பார்த்தால் ஒன்பது கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாது. மொபைல் நெட்வொர்க்குகளின் தரநிலையில் இப்படிப்பட்ட இருப்பிடத்தை வில் வடிவமாகவே அனுப்ப வழி இருக்கிறது: உள் ஆரம், பட்டையின் தடிமன், தொடங்கும் கோணம், மொத்தக் கோணம் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்பலாம். ஆனால் அழைப்பை எடுப்பவரின் திரை அதை அப்படியே வரையும் என்று சொல்ல முடியாது. வில்லின் நடுவில் ஒரு புள்ளியை வைத்து, சுற்றிலும் பெரிய வட்டம் போட்டுவிடும் திரைகளும் உண்டு. அவசரத்தில் இருப்பவர் கண்ணில் முதலில் படுவது புள்ளிதான். நீங்கள் செக்டரின் நடுக்கோட்டிலிருந்து 39 டிகிரி தள்ளி இருந்திருந்தால், அந்தப் புள்ளிக்கும் உங்களுக்கும் இடையே நேர்கோட்டில் சரியாக மூன்று கிலோமீட்டர் வரும். 39 டிகிரி தள்ளியும் நீங்கள் அதே செக்டருக்குள்தான் இருக்கிறீர்கள், ஏனென்றால் நடுக்கோட்டின் இரு பக்கமும் 60 டிகிரி வரை அது விரிகிறது. எந்தக் கருவியும் கோளாறாகவில்லை. உங்களுக்கு நடந்தது இதுதான் என்று உறுதியாகச் சொல்ல அவர்களின் பதிவைப் பார்க்க வேண்டும், ஆனால் நீங்கள் தரும் இரண்டு தூரங்களும் இதற்குப் பொருந்துகின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவசர அழைப்பு எல்லா இடத்திலும் 4ஜியிலேயே போவதில்லை. நெட்வொர்க்கிலோ போனிலோ அதற்கு வசதி இல்லையென்றால், அழைப்பின்போது போன் 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கிவிடும். 2ஜிக்கு இறங்கினால் அதே இடத்தில் எண் 8 வரும். பட்டையின் தடிமன் 550 மீட்டர். தேட வேண்டிய பரப்பு முக்கால் சதுர கிலோமீட்டரிலிருந்து ஐந்து சதுர கிலோமீட்டருக்கு மேல் போய்விடும்.

தூரமே தவறாகவும் வரலாம், ஆனால் அந்தத் தவறு பெரும்பாலும் ஒரே பக்கம்தான். அலை நேராக வராமல் எதிரிலுள்ள பாறைச் சுவரில் பட்டு வந்தால் பாதை நீளும். எந்தக் காரணத்தாலும் நேர்கோட்டைவிடக் குறையாது. ஆகவே டைமிங் அட்வான்ஸ் காட்டும் தூரத்தை “இதற்கு மேல் இருக்க மாட்டார்” என்று படிப்பதே பாதுகாப்பு. மலையில் தேடும் குழுவுக்கு இது பெரிய விஷயம்: வளையத்துக்கு வெளியே தேடுவதற்கு முன் உள்பக்கம் தேட வேண்டும். உயர வேறுபாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். டவரைவிட 500 மீட்டர் மேலே இருந்தாலும், நாலரை கிலோமீட்டரில் அதனால் வரும் வித்தியாசம் முப்பது மீட்டர்கூட இல்லை.

பெரிய ஏமாற்று வேலை செய்வது ரிப்பீட்டர். சுரங்கப் பாதை, பெரிய கட்டடம், பள்ளத்தாக்கு போன்ற இடங்களுக்கு டவரின் சிக்னலை ஃபைபர் கேபிள் வழியாகக் கொண்டுபோய் வேறோர் ஆன்டெனாவிலிருந்து வெளியிடுவார்கள். ஃபைபருக்குள் ஒளியின் வேகம் காற்றில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் இரண்டு கிலோமீட்டர் கேபிள், கணக்கில் மூன்று கிலோமீட்டர் காற்றாகத் தெரியும். கருவியின் தாமதம் வேறு சேரும். போதாததற்கு, வளையத்தின் மையமாக நெட்வொர்க் எடுத்துக்கொள்வது மூல டவரை. நீங்கள் இருப்பதோ ரிப்பீட்டரின் அருகில். இதைக் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு: சிக்னல் மிகப் பலமாக இருந்தும் டைமிங் அட்வான்ஸ் பல கிலோமீட்டர் காட்டினால், நடுவே ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

திசையை எப்படித் தெரிந்துகொள்வது? போன் இன்னொரு டவருக்கு மாறினால் இரண்டாவது வளையம் கிடைக்கும். இரண்டு வளையங்கள் வழக்கமாக இரண்டு இடங்களில் வெட்டும். செக்டர் அவற்றில் ஒன்றைத் தள்ளிவிடும். நகரத்தில் டவர்கள் நெருக்கம் என்பதால் இது நடக்க வாய்ப்பு உண்டு. மலையில் பெரும்பாலும் ஒரே டவர்தான் எட்டும்.

அதனால்தான் இப்போது பல நாடுகளில் போனையே கேட்டுவிடுகிறார்கள். அட்வான்ஸ்டு மொபைல் லொகேஷன் என்ற அந்த ஏற்பாட்டில், அவசர எண்ணை அழைத்ததும் போன் தானே ஜி.பி.எஸ்ஸையும் வைஃபையையும் இயக்கி, கிடைத்த இடத்தை அவசர மையத்துக்கு அனுப்பும், வழக்கமாக எஸ்.எம்.எஸ். வழியாக. நீங்கள் லொகேஷனை ஆஃப் செய்திருந்தாலும் அந்த அழைப்புக்காக மட்டும் அது இயங்கும். ஆனால் இடம் கிடைக்க இருபது விநாடி வரை ஆகலாம். மரங்களும் பாறைகளும் வானத்தை மறைத்தால் ஜி.பி.எஸ். அதற்குள் சரியான விடை தராமலும் போகலாம். அந்த ஏற்பாடு இல்லாத நாட்டில் மையத்திடம் மிஞ்சுவது மேலே சொன்ன வில்தான்.

ஆகவே அடுத்த முறை அவசரப்பட்டு அழைப்பைத் துண்டிக்காதீர்கள். தொடர்பு இருக்கும்வரைதான் டவரிடம் புதிய எண் இருக்கும். லொகேஷனை ஆன் செய்து, வரைபட ஆப்பில் உங்கள் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எடுத்து, ஒவ்வோர் இலக்கமாகப் படித்துச் சொல்லுங்கள். ஜி.பி.எஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை. வரைபடம் வெறுமையாகத் தெரிந்தாலும் எண்கள் கிடைக்கும். புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் சொன்னால் பத்துப் பதினொரு மீட்டருக்குள் வந்துவிடும். மூன்று என்றால் நூறு மீட்டர் அளவு. மலையில் அதுவும் போதும்.

எண்கள் கிடைக்கவில்லையா? அப்போது அவர்களுக்குத் தெரியாத ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: திசை. எந்த ஊரிலிருந்து ஏறத் தொடங்கினீர்கள், ஆறு உங்களுக்கு எந்தப் பக்கம், நிற்பது கிழக்குச் சரிவா மேற்குச் சரிவா. இதில் ஒரு தகவல் கிடைத்தாலே ஒன்பது கிலோமீட்டர் வில் பாதியாகும். கண்ணுக்கு ஒரு டவர் தெரிந்தால் அதன் திசையையும் சொல்லலாம், ஆனால் உங்கள் போன் அதனுடன்தான் பேசுகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவசர அழைப்பை எந்த நிறுவனத்தின் டவர் வேண்டுமானாலும் ஏற்கலாம்.

உங்கள் போனிலேயே இந்த எண்ணைப் பார்க்க விரும்பினால், நெட்வொர்க் விவரம் காட்டும் ஆண்ட்ராய்டு ஆப்கள் சிலவற்றில் TA என்ற வரி இருக்கும். அவை `getTimingAdvance()` வழியாக அதைப் படிக்கின்றன. சாதாரண அழைப்போ டேட்டாவோ ஓடும்போது பாருங்கள். போன் சும்மா இருக்கும்போது எண் புதுப்பிக்கப்படாது. அங்கே 2147483647 என்று வந்தால் பயப்பட வேண்டாம். நீங்கள் விண்வெளியில் இல்லை. உங்கள் போனின் மோடம் அந்த எண்ணை ஆப்புக்குத் தரவில்லை, அவ்வளவுதான்.