பேனாவைக் கையில் கொடுத்து டெஸ்ட் செய்யச் சொன்னால்

கேள்வி: டெஸ்டிங் நேர்காணலில் ஒரு பால்பாயின்ட் பேனாவைக் கொடுத்து, இதை எப்படி டெஸ்ட் செய்வீர்கள் என்றார்கள். எழுதுகிறதா, மூடி இருக்கிறதா, நிறம் சரியா... அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. ஐடியா எங்கிருந்து பிடிப்பது?

பேனாவைக் கழற்றுங்கள். இந்தப் பயிற்சியை வகுப்பில் நடத்தும்போது நான் முதலில் சொல்வது அதைத்தான். யாருக்கான பேனா, எதில் எழுதப் போகிறார் என்று திருப்பிக் கேட்பதும் சரிதான். ஆனால் பலர் அதைக் கேட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

முனையில் ஒரு குண்டு இருக்கிறது. தாளில் உரசும்போது அது உருண்டு, பின்னால் இருக்கும் மையை இழுத்துத் தாளில் தடவுகிறது. மை தன் எடையால் கீழே இறங்கிக் குண்டைத் தொட்டபடி இருக்க வேண்டும். இவ்வளவு தெரிந்தால் போதும், ஐடியாக்கள் தானாக வரும். உரசல் இல்லாவிட்டால்? வழவழப்பான தாளிலும் எண்ணெய்க் கை பட்ட இடத்திலும் எழுதிப் பாருங்கள். மை கீழே இறங்காவிட்டால்? சுவரில் தாளை ஒட்டி, முனை மேல்நோக்கி இருக்குமாறு பிடித்து எழுதுங்கள். சில வரிகளில் எழுத்து விட்டுவிட்டு வரும், அப்புறம் நின்றுவிடும். குண்டுக்குப் பின்னால் காற்று புகுந்திருக்கும். உடனே மேசையில் வைத்து எழுதி, எத்தனை கிறுக்கலில் மீள்கிறது என்று எண்ணுங்கள். சோதனையில் பாதி இதுதான், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இது குறையா? மேசையில் எழுதுபவருக்கு இல்லை. நாள் முழுக்கச் சுவரில் மாட்டிய பதிவேட்டில் குறிப்பவருக்குக் குறைதான். யாருக்கு என்ற கேள்விக்கு இப்போதுதான் வேலை வருகிறது.

ஒருமுறை ஒரு மாணவர் பேனாவின் உடம்பில் இருக்கும் சிறு துளையை டேப்பால் அடைத்துவிட்டு ஒரு பக்கம் எழுதினார். தடங்கலே இல்லை. "இந்தத் துளை சும்மாதான் சார்" என்றார். அந்தச் சோதனை தோற்கவே வாய்ப்பில்லாதது. ஒரு பக்கத்துக்கு ஆகும் மை மிகக் கொஞ்சம். உள்ளே இருக்கும் காற்று அதைவிடப் பல மடங்கு என்பதால் அழுத்தம் மாறுவதே தெரியாது. துளை இல்லாவிட்டால் என்ன கெடும் என்று முதலில் யோசித்திருக்க வேண்டும். அடைபட்ட காற்று சூடானால் விரிந்து மையை முனைப்பக்கம் தள்ளும். ஆகவே பேனாவைக் குளிர வைத்து, துளையையும் பின்பக்க அடைப்பையும் ஒட்டிவிட்டு, பிறகு முனை கீழே இருக்கக் கைக்குள் பொத்தி வைத்து, முனையில் மைத்துளி திரள்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் டேப் ஒட்டாத இன்னொரு பேனாவுக்கும் இதையே செய்யுங்கள். இல்லாவிட்டால் துளி திரண்டாலும் காரணம் துளைதான் என்று சொல்ல முடியாது.

சில பேனாக்களின் மூடியில் இருக்கும் துளை வேறு கதை. குழந்தை மூடியை விழுங்கித் தொண்டையில் சிக்கினாலும் மூச்சுக் கொஞ்சம் போய்வரட்டும் என்று வைத்தது அது. அதை நீங்கள் எத்தனை பக்கம் எழுதிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க மாட்டீர்கள்.