திட்டத்தை அறிந்தவர் அதற்குப் பெயர் வைக்கக் கூடாது

கேள்வி: எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு புது ப்ராஜெக்ட்டுக்கும் உள்ளுக்குள் புழங்க ஒரு கோட்நேம் வைக்கச் சொல்கிறார்கள். பெயரைக் கேட்டு யாரும் நாங்கள் என்ன செய்கிறோம் என்று ஊகித்துவிடக் கூடாது, ஆனால் எல்லோருக்கும் நினைவிலும் நிற்க வேண்டும். எப்படித் தேர்ந்தெடுப்பது?

ப்ராஜெக்ட்டைப் பற்றித் தெரிந்த யாரையும் பெயர் வைக்க விடாதீர்கள். என் அனுபவத்தில் மற்ற விதிகள் எல்லாம் இதற்கு அப்புறம்தான். என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்தவருக்குப் பொருத்தமான பெயர் தானாகவே வாயில் வந்துவிடும், அந்தப் பொருத்தம்தான் வெளியாளுக்குத் துப்பு.

இதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1940-இல் ஜெர்மன் விமானப்படை, குண்டுவீச்சு விமானங்களுக்கு வழிகாட்ட ரேடியோ கற்றைகளைப் பயன்படுத்திவந்தது. அதில் ஒரு அமைப்புக்கு வோட்டன் என்று பெயர் என்பது பிரிட்டிஷ் உளவுத்துறைக்குத் தெரியவந்தது. அங்கே வேலை பார்த்த ஆர்.வி. ஜோன்ஸ் என்ற இயற்பியலாளர், ஜெர்மன் புராணம் தெரிந்த ஒருவரிடம் யார் இந்த வோட்டன் என்று கேட்டார். ஒற்றைக் கண் தெய்வம் என்று பதில் வந்தது. அப்படியானால் ஒரே ஒரு கற்றையில் இயங்கும் அமைப்பாக இருக்குமோ என்று ஜோன்ஸ் ஊகித்தார், கடைசியில் அப்படி ஒன்று உண்மையிலேயே இருந்தது. இதில் அதிர்ஷ்டமும் உண்டு, ஏனென்றால் பல கற்றைகளைப் பயன்படுத்திய இன்னொரு அமைப்புக்கும் அதே வோட்டன் பெயரைத்தான் பின்னால் எண் மட்டும் மாற்றி வைத்திருந்தார்கள். ஆனாலும் எதிராளி சரியான திசையில் யோசிக்க அந்தப் பெயரே போதுமானதாக இருந்தது.

சரி, அப்படியானால் பி-17 என்று எண் கொடுத்துவிட்டால் தொல்லை விட்டதா? விடாது. எண்ணை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், இரண்டு வாரத்தில் எல்லோரும் அதை "அந்த லோன் ப்ராஜெக்ட்" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், லிஃப்டில், கேன்டீன் வரிசையில், வெண்டரோடு பேசும் போனில். பெயர் நினைவில் நிற்க வேண்டும் என்பதற்கு அழகு காரணமில்லை. நிற்காவிட்டால் அந்த இடத்தை ஒரு விளக்கம் வந்து பிடித்துக்கொள்ளும், விளக்கம்தான் நாம் மறைக்க நினைத்தது.

ஒரு கற்பனைக் கம்பெனியை வைத்துப் பார்ப்போம். சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு மென்பொருள் விற்கிறார்கள். இப்போது அந்த வியாபாரிகளின் இன்வாய்ஸ்களை அடிப்படையாக வைத்து அவர்களுக்கே கடன் கொடுக்கத் திட்டம். டீம் உட்கார்ந்து பெயர் யோசித்தால் என்னென்ன வரும்? குபேரன். இதற்கு விளக்கமே தேவையில்லை. ஊற்று. வற்றாமல் பணம் வரும் என்ற நினைப்பில் வந்தது, கொஞ்சம் யோசித்தால் யாரும் பிடித்துவிடலாம். பாலம். இதை வைத்தவர் மிகவும் மறைவாக வைத்ததாக நினைத்துக்கொள்வார், ஆனால் பில் போட்ட நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் நடுவே போடும் பாலம் என்பது கடன் துறையில் இருப்பவருக்கு ஒரு நொடியில் விளங்கும், பிரிட்ஜ் லோன் என்ற வார்த்தையே அங்கே புழக்கத்தில் இருக்கிறது. போட்டிக் கம்பெனியில் இருப்பவரும் அதே துறைக்காரர்தான், சாதாரண ஆளுக்குப் புரியாத சிலேடை அவருக்குப் புரியும்.

ஆகவே பட்டியலை முன்கூட்டியே, எந்த ப்ராஜெக்ட்டும் மனதில் இல்லாத நேரத்தில் தயார் செய்துவிட வேண்டும். ஒருவர் பொறுப்பெடுத்து நாற்பது ஐம்பது சொற்கள் எழுதினால் பல வருடம் ஓடும். கண்ணால் பார்க்கக்கூடிய பொருள்களின் பெயராக இருக்கட்டும்: மரம், பறவை, பூச்சி, கருவி. உருவம் மனதில் வரும் சொல் ஒரு தடவை கேட்டாலே ஒட்டிக்கொள்ளும், "உதயம்", "முன்னேற்றம்" மாதிரியானவை ஒன்றோடொன்று குழம்பிப்போகும். எல்லாவற்றையும் ஒரே இனத்திலிருந்து எடுக்காமல் கலந்து வையுங்கள். ஒன்றுக்குச் சூரியன், இன்னொன்றுக்குச் சந்திரன் என்று வைத்தால் இரண்டும் தொடர்புடையவை என்று நீங்களே சொல்லிக்கொடுத்த மாதிரி, ஒன்று அம்பலமானால் மற்றதும் பாதி அம்பலம். அகர வரிசையில் வைத்துக்கொண்டே போவதும் வேண்டாம், இது எத்தனையாவது ப்ராஜெக்ட் என்பது முதல் எழுத்திலேயே தெரிந்துவிடும்.

தமிழ்ச் சொற்களை எடுத்தால் கூடுதலாக ஒரு சல்லடை தேவை, ஏனென்றால் திரையில் அதை ஆங்கில எழுத்தில்தான் தட்டப்போகிறோம். `panai` என்று எழுதினால் அது பனையா பானையா? தும்பியை ஒருவர் `thumbi` என்பார், இன்னொருவர் `tumbi` என்பார், மூன்று மாதம் கழித்துத் தேடும்போது பாதி ஆவணங்கள் கிடைக்காது. ழ, ள வரும் சொற்களை நான் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. நண்டு பார்க்க நல்ல பெயர்தான், ஆனால் ஆபீஸில் நந்து என்று ஒருவர் இருந்தால் "நந்துவிடம் கேளு", "நண்டுவில் பக்" என்று தினமும் குழப்பம். வாயால் சொல்லி, கேட்பவரை எழுதச் சொல்லிப் பாருங்கள். மூன்று பேர் மூன்று விதமாக எழுதினால் அந்தச் சொல் வேண்டாம்.

உயிரோடிருக்கும் பிரபலங்களின் பெயரும் வேண்டாம். ஆப்பிள் கம்பெனி பவர் மேக்கின்டாஷ் 7100 கணினிக்கு உள்ளுக்குள் கார்ல் சேகன் என்று பெயர் வைத்திருந்தது. அது பத்திரிகை வழியாக வெளியே வந்து, அந்த விஞ்ஞானி ஆட்சேபித்து, 1994-இல் வழக்கு வரை போனது. ஆட்சேபம் வந்ததும் அவர்கள் மாற்றி வைத்த பெயர் BHA, அதாவது ஒரு வானியலாளரைக் கிண்டலடிக்கும் வசவின் சுருக்கம். அதுவும் வெளியே தெரிந்து பிரச்சினை பெரிதானது. உள்ளுக்குள் மட்டும்தானே என்று நினைத்து வைத்த பெயர் நீதிமன்றத்தில் வாசிக்கப்படும் என்று அன்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

பட்டியல் தயாரா? இனி குலுக்கல். பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம்:

```
shuf -n 1 names.txt
```

நம் கடன் ப்ராஜெக்ட்டுக்கு முதலில் `kuruvi` விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். சின்ன சொல், எழுத்துக் குழப்பம் இல்லை. ஆனால் சட்டத்துக்குப் புறம்பாகப் பணமும் பொருளும் கடத்திக்கொண்டு போகிறவரையும் பேச்சுவழக்கில் குருவி என்பார்கள். வேறு எந்த ப்ராஜெக்ட்டுக்கும் இது பரவாயில்லை, பணம் கொடுக்கல் வாங்கல் சம்பந்தப்பட்ட ஒன்றுக்கு விபரீதம். பட்டியலுக்கே திரும்பட்டும். அடுத்தது `punnai`. புன்னை மரத்துக்கும் கடனுக்கும் தொடர்பில்லை, வேறு மாதிரி எழுத வழியும் அதிகம் இல்லை, வசையாகவும் ஒலிக்கவில்லை. இதுவே இருக்கட்டும்.

விழுந்த பெயரை நிராகரிக்க ஒரே காரணம்தான் இருக்க வேண்டும், தற்செயலாக அது திட்டத்தைத் தொட்டுவிட்டது அல்லது அசிங்கமாகிவிட்டது என்பது. "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதை ஏற்றுக்கொண்டால் பிடித்தது கிடைக்கும் வரை குலுக்குவார்கள், பிடித்தது என்றால் பொருத்தமானது, அப்புறம் மறுபடி பாலத்துக்கே வந்து நிற்போம். மேலாளர்கள்தான் இதில் அதிகம் வம்பு செய்வார்கள், புலி, சிகரம் மாதிரி கம்பீரமாக ஏதாவது கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.

சந்தேகம் இருந்தால் சின்ன சோதனை செய்யலாம். வேறு டீமில் ஒருவரிடம் பெயரை மட்டும் சொல்லி, இது எதைப் பற்றியதாக இருக்கும் என்று மூன்று ஊகம் கேளுங்கள். மூன்றும் மூன்று திசையில் போனால் நல்லது. ஒன்று பணத்தின் பக்கம் சாய்ந்தாலும் யோசிக்க வேண்டியதுதான். மறுநாள் அதே ஆளிடம், நேற்றுச் சொன்ன பெயர் என்ன என்று கேளுங்கள், நினைவில் நிற்கிறதா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இவ்வளவு பார்த்துப் பெயர் வைத்தபிறகும் கசிவது எங்கே என்றால், பெயருக்குப் பக்கத்தில் ஒட்டும் வாலில். ரெப்போவுக்கு `punnai-loan-api` என்று வைத்தால் புன்னை எதற்கு? காலண்டர் அழைப்பில் "புன்னை: வட்டி விகிதம் பற்றிப் பேச" என்று தலைப்பு, அதை வெளி வெண்டருக்கும் அனுப்பியாயிற்று. அதிகம் பேர் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. `punnai-lending` என்று சப்டொமைன் உருவாக்கி அதற்கு மட்டும் தனியாக டிஎல்எஸ் சான்றிதழ் வாங்கினால் அந்த முழுப் பெயரும் பொதுவான சான்றிதழ்ப் பதிவேடுகளில் ஏறிவிடும், crt.sh போன்ற தளத்தில் உங்கள் டொமைனைத் தட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சைட் இன்னும் யாருக்கும் திறக்காமல் இருந்தாலும் பெயர் தெரியும். வைல்டுகார்டு சான்றிதழ் வாங்கினால் இந்தத் தொல்லை குறையும், ஆனால் முதலில் அந்த `lending`-ஐ எடுத்துவிடுங்கள். மொபைல் ஆப்பிலும் இதே கதை: `punnai_enabled` என்ற ஃப்ளாக் வெளியே போனால் பெரிய நஷ்டம் இல்லை, `punnai_emi_calc` போனால் ஆப்பைப் பிரித்துப் பார்ப்பவருக்கு அது போதும்.

எந்தப் பெயர் எந்த ப்ராஜெக்ட் என்ற அட்டவணை ஒரே இடத்தில், தேவையானவர்கள் மட்டும் திறக்கும்படி இருக்கட்டும். விக்கியின் முதல் பக்கத்தில் போட்டுவைத்தால் கோட்நேம் வைத்ததற்கே அர்த்தமில்லை. தயாரிப்பு வெளியானதும் புதிய ஆவணங்களில் விற்பனைப் பெயருக்கு மாறிவிடுங்கள். கோடுக்குள் இருக்கும் `punnai`-ஐ மாற்றப் போய் ஒரு வாரத்தை வீணாக்க வேண்டாம், இனி அது வெறும் ஒரு சொல். ஆனால் பட்டியலில் அடித்துவிடுங்கள். கைவிட்ட ப்ராஜெக்ட்டின் பெயரையும் அப்படித்தான், இன்னொன்றுக்குத் தூக்கிக் கொடுத்தால் பழைய மின்னஞ்சல்களைத் தேடுபவர் இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வார்.